விற்காத பாக்கெட்டுக்கு ஏது ஆட்டோ வாடகை?

நீளமான பதிவு இது. சின்னதாகவோ பெரிசாகவோ ஏதாவது தயாரித்து விற்கிறவர்கள் பொறுமையாக முழுதும் படியுங்கள். மற்றவர்கள் வழக்கம்போல லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கொஞ்ச நாளாக ஒரு தாள் நம் பக்கத்தில் கைமாறிக்கொண்டிருக்கிறது. இரண்டு நாள் தொழில் பயிற்சி ஒன்றில் கொடுத்தார்களாம். "உங்கள் பொருளின் அடக்கவிலையை நீங்களே கண்டுபிடியுங்கள்" என்று தலைப்பு. ஜெராக்ஸ் எடுத்து எடுத்து எழுத்தே மங்கிவிட்டது. எனக்கு அதை வாட்ஸ்அப்பில் மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். மேலே இருந்து கீழே வரை செலவுகளை எழுதக் கட்டம் போட்டிருக்கிறது: சரக்கு, கூலி, கரண்ட், வாடகை, பேக்கிங், வண்டி, கமிஷன், விளம்பரம். கடைசிக் கட்டத்தில் "மொத்தச் செலவு ÷ தயாரித்த எண்ணிக்கை = ஒன்றின் அடக்கம்". அவ்வளவுதான்.

அந்தக் கடைசி வரி தவறு. பாதிச் செலவுக்குச் சரி, பாதிச் செலவுக்குத் தவறு. அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை. முழுசும் தவறாக இருந்தால் ஒரே மாதத்தில் தெரிந்துபோகும்.

"டீச்சருக்கு எதுக்கு இந்த வேலை, இவர் என்ன ஆடிட்டரா?" என்று சிலர் நினைப்பீர்கள். ஆடிட்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து இடைநிலை ஆசிரியையாக வந்து, அப்படியே ஓய்வு பெற்றவள். காஸ்ட் ஷீட் என்கிற அடக்கவிலைத் தாளை என் மகள் கல்லூரியில் படித்தபோது அவள் புத்தகத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் இந்தத் தகராறு காமர்ஸ் தகராறே இல்லை. இது நான்காம் வகுப்பு வகுத்தல் கணக்கு. என்னிடம் படித்த எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், வகுத்தல் கணக்கு போடும் முன் நான் கேட்கும் கேள்வி: "எதை, எத்தனை பேருக்குப் பங்கு வைக்கிறாய்?" சாப்பிட வந்தவர் எட்டுப் பேர் என்றால் சாப்பாட்டுச் செலவை எட்டால் வகுக்க வேண்டும். அழைப்பிதழ் வாங்கியவர் பத்துப் பேர் என்பதற்காகப் பத்தால் வகுத்தால் விடை வரும், ஆனால் அது சாப்பாட்டுச் செலவு ஆகாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் கடலை மிட்டாய் போடுகிறாள். கோவில்பட்டிப் பக்கம் கடலை மிட்டாய்க்குச் சொல்லவா வேண்டும், 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. ஊருக்கு ஊர் போட்டி. பத்துக் காசு, இருபது காசு கூடக் குறைய என்றாலும் கடைக்காரர் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார். இவள் 200 கிராம் பாக்கெட் போட்டுக் கடைக்கு 40 ரூபாய்க்குக் கொடுக்கிறாள். மேலே சொன்ன தாளைத்தான் அவளும் பின்பற்றினாள். கீழே தரும் எண்கள் அவளுடைய நோட்டில் இருப்பவை அல்ல. பெருக்க வகுக்க லேசாக இருக்கட்டும் என்று முழு எண்ணாக மாற்றியிருக்கிறேன். நடந்த கதை அதேதான்.

செப்டம்பர் மாதம் 10,000 பாக்கெட் தயாரித்தாள். 8,000 விற்றது. 2,000 ஸ்டாக்கில் நிற்கிறது.

தயாரிக்க ஆன செலவு: கடலை, வெல்லம் 2,00,000. மிட்டாயைப் போடும் கவர் 20,000. கூலி 70,000. கொட்டகை வாடகை, விறகு, கரண்ட், மெஷின் தேய்மானம் எல்லாம் சேர்த்து 30,000. ஆக மொத்தம் 3,20,000.

விற்க ஆன செலவு: கடைகளுக்குக் கொண்டுசேர்க்கும் ஏஜென்ட்டுக்குப் பாக்கெட்டுக்கு 2 ரூபாய் கமிஷன், 8,000 பாக்கெட்டுக்கு 16,000. அட்டைப்பெட்டி 8,000. ஆட்டோ, பார்சல் சர்வீஸ் 12,000. கடை கடையாக லைன் போகும் பையனுக்குச் சம்பளம் 12,000. மொத்தம் 48,000.

இந்த இரண்டாவது வகைக்குப் புத்தகத்தில் "விற்பனை மற்றும் பகிர்மான மேற்செலவுகள்" என்று பெயர். பெயர் நீளமாக இருந்தாலும் அர்த்தம் சுலபம். பாக்கெட் தயாராகி, அடுக்கி, ஸ்டோர் ரூம் கதவு வரை வந்தாயிற்று அல்லவா, அந்தக் கதவைத் தாண்டின பிறகு அதை விற்பதற்காகவும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகவும் ஆகிற செலவு. கதவுக்கு உள்ளே ஆன செலவில் 10,000 பாக்கெட்டுக்கும் பங்கு உண்டு. பத்தாயிரத்துக்கும் கடலை போட்டிருக்கிறோம், பாகு காய்ச்சியிருக்கிறோம், கூலி கொடுத்திருக்கிறோம். எனவே 3,20,000ஐ 10,000ஆல் வகுத்தால் பாக்கெட்டுக்கு 32 ரூபாய். இது உற்பத்தி அடக்கம். இதுவரை தாள் சொல்வது சரி.

கதவைத் தாண்டிப் போனவை எத்தனை? எட்டாயிரம். ஆட்டோவில் ஏறியது அந்த எட்டாயிரம்தான். கமிஷன் கொடுத்தது அந்த எட்டாயிரத்துக்குத்தான். லைன் பையன் வெயிலில் அலைந்து விற்றதும் அதைத்தான். உள்ளே உட்கார்ந்திருக்கும் 2,000 பாக்கெட்டுக்கு யார் ஆட்டோ பிடித்தார்கள்? ஆகவே 48,000ஐ 8,000ஆல் வகுக்க வேண்டும். பாக்கெட்டுக்கு 6 ரூபாய். 32உம் 6உம் 38. விற்ற ஒரு பாக்கெட்டின் முழு அடக்கம் 38 ரூபாய், லாபம் 2 ரூபாய், எட்டாயிரத்துக்கு 16,000 ரூபாய்.

பயிற்சித் தாள் என்ன செய்கிறது? 3,20,000ஐயும் 48,000ஐயும் ஒன்றாகக் கொட்டி, 3,68,000ஐ 10,000ஆல் வகுக்கிறது. 36 ரூபாய் 80 காசு. லாபம் பாக்கெட்டுக்கு 3.20. எட்டாயிரத்துக்கு 25,600.

இருப்பது 16,000. தாள் காட்டுவது 25,600. நடுவில் உள்ள 9,600 ரூபாய் எங்கே போனது என்று தேடிப் பாருங்கள். ஸ்டோர் ரூமில் இருக்கிறது. விற்காத 2,000 பாக்கெட்டின் தலையில், தலைக்கு 4.80 வீதம், ஆட்டோ வாடகையையும் கமிஷனையும் ஏற்றி உட்கார வைத்திருக்கிறது அந்தத் தாள். ஸ்டாக் மதிப்பு 64,000 என்று எழுத வேண்டிய இடத்தில் 73,600 என்று எழுதுகிறது. செலவான பணம் செலவானதுதான், ஆட்டோக்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதைப் போய் சொத்தாகக் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் அல்ல. சரக்கிருப்பு மதிப்பீட்டுக்கு நம் நாட்டில் ஏஎஸ் 2 என்று ஒரு கணக்கியல் தரநிலை இருக்கிறது. சரக்கிருப்பின் அடக்கத்தில் சேர்க்கக் கூடாதவை என்று அது ஒதுக்குகிறவற்றில் விற்பனை, பகிர்மானச் செலவுகள் உண்டு. செலவுக் கணக்காளர் நிறுவனம் விற்பனை, பகிர்மான மேற்செலவுகளுக்கென்றே சிஏஎஸ் 15 என்று தனித் தரநிலை வைத்திருக்கிறது. யாரால் செலவு வந்ததோ, யாருக்குப் பலன் போனதோ அங்கேதான் அதைச் சேர்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பெரிய கம்பெனிகளுக்காக எழுதியவைதான், மிட்டாய்க் கொட்டகைக்கு யாரும் வந்து சோதனை போட மாட்டார்கள். ஆனால் பேங்கில் கடன் வைத்திருப்பவர்கள் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கிறீர்களே, அதில் 36.80 போட்டு எழுதினால் இல்லாத மதிப்பை எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

இந்தத் தாளின் உண்மையான விஷமம் வேறு ஒன்று. அதே செப்டம்பரில் அவள் 10,000க்குப் பதில் 12,000 பாக்கெட் போட்டிருந்தால்? விற்றது அதே 8,000. ஆட்டோ, கமிஷன், பையன் சம்பளம் எல்லாம் அதே 48,000. தாளின் கணக்குப்படி 48,000ஐ 12,000ஆல் வகுத்தால் 4 ரூபாய். பாருங்கள், 4.80 ஆக இருந்த விற்பனைச் செலவு 4 ரூபாய்க்கு இறங்கிவிட்டது! ஒரு பாக்கெட் கூட அதிகம் விற்கவில்லை, ஒரு ஆட்டோவைக் கூட மிச்சம் பிடிக்கவில்லை, கூடுதலாகப் பாகு கிண்டினதால் டிரான்ஸ்போர்ட் செலவு குறைந்துவிட்டதாம். இப்படியே கிண்டிக்கொண்டே இருந்தால் ஆட்டோ இலவசமாகிவிடும் போலிருக்கிறது. மழைக்காலத்தில் கடலை மிட்டாய் நமத்துப் போகும், நாளானால் கடலை காறும். அப்படிப்பட்ட சரக்கை "இன்னும் போடு, அடக்கம் குறையும்" என்று தூண்டுகிற தாளை என்ன சொல்வது?

(கொட்டகை வாடகையும் அப்படித்தானே குறைகிறது என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பீர்கள். குறையும். அதைப் பற்றியும் படித்தவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கூடுதல் பாக்கெட்டுகள் கொட்டகையை உண்மையிலேயே உபயோகித்தவை. ஆட்டோவை உபயோகிக்கவில்லை.)

இப்போது அக்டோபருக்கு வருகிறேன். தீபாவளி நேரம். மறுபடி 10,000 பாக்கெட் தயாரித்தாள், செலவு அதே 3,20,000. விற்றது 12,000. பழைய ஸ்டாக் 2,000உம் சேர்ந்து மொத்தமும் காலி. கமிஷன் 24,000, அட்டைப்பெட்டி 12,000, ஆட்டோ பார்சல் 15,000, பையன் சம்பளம் அதே 12,000. மொத்தம் 63,000.

சரியான கணக்கு: 63,000ஐ விற்ற 12,000ஆல் வகுத்தால் 5.25. 32உடன் சேர்த்து 37.25. செப்டம்பரில் 38 ஆக இருந்த அடக்கம் முக்கால் ரூபாய் இறங்கியிருக்கிறது. ஏன் இறங்கியது? பையன் சம்பளம் ஏறவில்லை, அதே சம்பளத்தில் ஒன்றரை மடங்கு விற்றுக் கொடுத்திருக்கிறான். வண்டியும் நிறைந்து போயிருக்கிறது. லாபம் பாக்கெட்டுக்கு 2.75, பன்னிரண்டாயிரத்துக்கு 33,000.

தாளின் கணக்கு: 63,000ஐ தயாரித்த 10,000ஆல் வகுக்கிறது. 6.30. போன மாதம் 4.80, இந்த மாதம் 6.30! அடக்கம் 36.80லிருந்து 38.30க்கு ஏறிவிட்டதாகக் காட்டுகிறது. லாபமும் 25,600லிருந்து 23,400க்கு இறங்கிவிடுகிறது. ஏனென்றால் செப்டம்பரில் ஸ்டாக்கின் தலையில் ஒளித்து வைத்த 9,600 இப்போது இறங்கி வந்து அக்டோபர் லாபத்தைத் தின்றுவிட்டது.

புரிகிறதா? நன்றாக விற்ற மாதத்தை மோசமான மாதமாகவும், சரக்குத் தேங்கிய மாதத்தை நல்ல மாதமாகவும் தாள் காட்டுகிறது. வெறும் காசுக் கணக்குப் பிழையாக இருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். திசையே தலைகீழ்.

அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? "விற்பனைச் செலவு பாக்கெட்டுக்கு ஒன்றரை ரூபாய் ஏறிடுச்சு, இதைக் குறைக்கணும்" என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். கமிஷனைக் குறைத்தால் ஏஜென்ட் போய்விடுவார். பெட்டி இல்லாமல் அனுப்ப முடியாது. மிச்சம் இருந்தது அந்த லைன் பையன்தான். தீபாவளி முடிந்ததும் "அடுத்த மாசத்திலிருந்து வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டாள். அந்த மாதம் செலவைக் குறைத்துக் கொடுத்தவனே அவன்தான்! நோட்டை என்னிடம் காட்டியபோது நவம்பர் பாதி தாண்டிவிட்டது. அவன் இப்போது ஒரு பிஸ்கட் ஏஜென்சிக்கு லைன் போகிறான். அவனும் என் பள்ளிப் பிள்ளைதான்.

இனி எதிர்ப்பக்கத்து நியாயங்களைப் பார்ப்போம். பதிவு போடும் முன்பே என் அண்ணன் மகன் போனில் ஒரு மணி நேரம் வாதாடினான். "அத்தை, ரெண்டு மாசத்தையும் கூட்டிப் பாருங்க. உங்க கணக்குல 16,000உம் 33,000உம் சேர்த்தா 49,000. தாள் கணக்குல 25,600உம் 23,400உம் சேர்த்தா அதே 49,000. கடைசில ஒண்ணுதானே, எதுக்கு இவ்வளவு ரகளை?" என்றான்.

ஒன்றுதான். ஸ்டாக் எல்லாம் விற்றுத் தீர்ந்த அன்று எந்தக் கணக்குப் போட்டாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். ஆனால் யாரும் கடைசி நாளில் உட்கார்ந்து முடிவு எடுப்பதில்லையே! எவ்வளவு போடுவது, என்ன விலைக்குக் கொடுப்பது, யாரை வேலைக்கு வைப்பது எல்லாம் நடுவில், மாதாமாதம் எடுக்கிற முடிவு. அந்த நடுவில் பார்ப்பதற்குத்தான் தாளே. வருஷக் கடைசியில் மொத்த லாபம் தெரிந்தால் போதும் என்றால் காஸ்ட் ஷீட் எதற்கு? பேங்க் பாஸ்புக் போதுமே. இன்னொன்றும் சொன்னேன் அவனிடம்: விற்றுத் தீர்ந்தால்தான் ஒன்று. அந்த 2,000 பாக்கெட்டும் நமத்துக் கொட்ட வேண்டியதாகியிருந்தால்? தாளை நம்பி 25,600 லாபம் என்று செப்டம்பரில் நினைத்தவளுக்கு அக்டோபரில் 64,000 போகவில்லை, 73,600 போனதாகத் தெரியும். ஆட்டோவே ஏறாத பாக்கெட்டைக் கொட்டி ஆட்டோ வாடகையிலும் நஷ்டம் என்று அழ வேண்டும்.

அவன் சொன்ன இரண்டாவது நியாயத்தைத்தான் நான் மதிக்கிறேன். "மாசம் முடிஞ்ச பிறகுதான் எத்தனை விற்றதுன்னு தெரியும். விலையை முன்னாடியே சொல்லணும். எத்தனை போடப் போறோம்ங்கிறது கையில இருக்கு, எத்தனை விற்கும்ங்கிறது கையில இல்லை. அதனால தயாரிச்ச எண்ணிக்கையை வெச்சு வகுக்கறது நடைமுறைக்கு வசதி" என்றான்.

வசதிதான், ஒத்துக்கொள்கிறேன். விற்பனை எண்ணிக்கையை முன்கூட்டித் திட்டமாகச் சொல்ல முடியாது. அதற்காக வேறு எண்ணைப் போடலாமா? விற்பனையை உத்தேசமாகப் போடுங்கள், அதை யாரும் தடுக்கவில்லை. ஒரு நல்ல மாதம், ஒரு மந்தமான மாதம் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இவள் கணக்கில் இரண்டு மாத விற்பனைச் செலவு 1,11,000, விற்றது 20,000, பாக்கெட்டுக்கு 5.55. விலை சொல்ல 32உடன் இந்த 5.55ஐச் சேர்த்து 37.55 என்று வைத்துக்கொண்டால் மாதாமாதம் ஆட வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் இன்னும் நல்லது. உத்தேசத்தில் தப்பு வரலாம், அடுத்த தடவை திருத்திக்கொள்ளலாம். வகுக்கும் எண்ணே தப்பாக இருந்தால் எத்தனை மாதச் சராசரி எடுத்தும் பிரயோஜனம் இல்லை.

ஆர்டர் வந்த பிறகு செய்கிறவர்கள், அதாவது கேக் போடுகிறவர்கள், பிளவுஸ் தைக்கிறவர்கள், கல்யாணத்துக்கு முறுக்கு சீர்வரிசை போடுகிறவர்கள், நீங்கள் கவலைப்பட வேண்டாம். செய்ததும் விற்றதும் ஒன்றே என்பதால் இரண்டு வழியிலும் ஒரே விடைதான் வரும். ஸ்டாக் வைக்கிறவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு. அப்பளம், ஊறுகாய், பொடி வகை, ஊதுபத்தி, சோப்பு போடுகிறவர்கள் எல்லோரும் இதில் அடக்கம்.

எது எந்தப் பக்கம் என்பதில் எல்லோருக்கும் தடுமாற்றம் வருவது பேக்கிங்கில்தான். தாளில் "பேக்கிங்" என்று ஒரே கட்டம். அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மிட்டாயைப் போட்டு ஒட்டுகிற கவர் இல்லாமல் அது பாக்கெட்டே ஆகாது, ஸ்டோர் ரூமுக்கே வர முடியாது. அது உற்பத்திச் செலவு, தயாரித்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஐம்பது பாக்கெட்டை அடுக்கி அனுப்புகிற அட்டைப்பெட்டி வண்டியில் ஏற்றுவதற்காக மட்டும் வந்தது. அது பகிர்மானச் செலவு. ஊறுகாய் என்றால் பாட்டில், மூடி, லேபிள் இந்தப் பக்கம், வைக்கோல் வைத்துக் கட்டுகிற பெட்டி அந்தப் பக்கம். அதேபோல லாரி வாடகையும் இரண்டு வகை. வெல்லம் வந்து இறங்கிய வாடகை வெல்லத்தின் விலையோடு சேரும். மிட்டாய் வெளியே போன வாடகை மட்டுமே விற்பனைப் பக்கம். தாளில் "வண்டி" என்று ஒரே கட்டம் போட்டவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

கடையிலிருந்து திரும்பி வந்த பாக்கெட்டை விற்ற எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடுங்கள். ஆனால் அதைக் கொண்டுபோன வாடகையையும் திருப்பிக் கொண்டுவந்த வாடகையையும் கழிக்காதீர்கள், அது ஆன செலவு. உண்மையில் விற்ற பாக்கெட்டுகள்தான் அதைச் சுமக்க வேண்டும். ரிட்டர்ன் அதிகமான மாதத்தில் அந்த 6 ரூபாய் 7 ஆகும். ஆகட்டும், கண்ணில் படட்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த 6 ரூபாயையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது சராசரி. டவுனிலிருந்து ஒரு கடைக்காரர் தன் வண்டியிலேயே வாசலுக்கு வந்து, தன் சாக்கிலேயே போட்டு, 1,000 பாக்கெட் 36 ரூபாய்க்குக் கேட்கிறார் என்று வையுங்கள். "என் அடக்கமே 38, கட்டாது" என்று அனுப்பிவிடக் கூடாது. அவருக்கு கமிஷன் இல்லை, ஆட்டோ இல்லை, பெட்டி இல்லை, லைன் பையன் போகவும் இல்லை. அந்த ஆயிரத்துக்கு ஆன செலவு 32தான், பாக்கெட்டுக்கு 4 ரூபாய் நிற்கிறது, கடைக்குக் கொடுப்பதைவிட இரண்டு மடங்கு. ஆனால் உங்கள் பழைய கடைக்காரர் காதுக்கு அந்த 36 எட்டினால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மாறாக, பார்சல் சர்வீஸில் தூரத்து ஊருக்கு அனுப்புகிற பாக்கெட்டுக்கு 6 போதாது, 9கூட ஆகலாம். முடிந்தவர்கள் வாசல் விற்பனை, லைன் விற்பனை, வெளியூர் என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். எண்பது பக்க நோட்டில் பக்கத்துக்கு மூன்று கோடு, அதற்கு மேல் வேலை இல்லை.

கம்ப்யூட்டரில் போடுகிறவர்களுக்காக: எக்ஸெலில் B2இல் தயாரித்த எண்ணிக்கை, B3இல் விற்ற எண்ணிக்கை, B9இல் உற்பத்திச் செலவு மொத்தம், B14இல் விற்பனைச் செலவு மொத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளைப் பார்த்துப் போட்டவர்களின் எக்ஸெலில் இப்படி இருக்கும்:

```
=(B9+B14)/B2
```

அதை அழித்துவிட்டு இப்படிப் போடுங்கள்:

```
=B9/B2+B14/B3
```

ஸ்டாக் மதிப்புக்கு முதல் பாதி மட்டும், `=(B2-B3)*B9/B2`. முந்தைய மாத ஸ்டாக் இல்லாதபோது இது அப்படியே சரி. இருந்தால் அந்த எண்ணிக்கையைத் தனி வரியில் கூட்டிக்கொள்ள வேண்டும். அதைச் செய்யத் தெரியாதவர்கள் நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். காலையில் வேண்டாம், நாலு மணிக்கு மேல் வாருங்கள். வரும்போது கடலை மிட்டாய் கொண்டுவராதீர்கள், டாக்டர் தடுத்திருக்கிறார்.

அந்தத் தாளை வைத்திருக்கும் பயிற்சிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த ஜெராக்ஸ் எடுக்கும் முன் கடைசி வரியை இரண்டாக உடைத்து எழுதுங்கள். இடம் இல்லை என்றால் விளம்பரத்துக்குப் போட்டிருக்கும் கட்டத்தைச் சின்னதாக்கிக்கொள்ளலாம்.